ஒரே ஆள் இரண்டு கிளையில் வந்தால்: கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும்

மீனாட்சி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் அம்மா வழிக் குடும்பம் முழுவதும் கோவில்பட்டியில் கூடுகிறது. மண்டபச் சுவரில் ஒட்ட, ஐந்து தலைமுறையையும் ஒரே தாளில் குடும்ப மரமாக வரைந்து தரும் பொறுப்பு எனக்கு. பெயர்கள் சேகரித்தாயிற்று. அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள்.

சிக்கல் இதுதான். குடும்பத்துக்குள்ளேயே நடந்த திருமணங்கள் ஏழு. அத்தை மகன், மாமன் மகள் என்று ஐந்து. அக்கா மகளைக் கட்டிய மாமாக்கள் இரண்டு பேர். இந்தத் தம்பதிகளில் கணவனும் மனைவியும் தனித்தனியாக எங்கள் கொள்ளுத்தாத்தா வழியில் வருகிறவர்கள். ஆகவே இருவருக்கும் அவரவர் பெற்றோருக்குக் கீழே ஓர் இடம் உண்டு. குடும்பத்தை ஓரிடத்தில் முழுதாக எழுதிவிட்டு, இன்னோர் இடத்தில் புள்ளிக்கோடு போட்ட சிறு கட்டம் மட்டும் வைத்து 'அங்கே பாருங்கள்' என்று காட்டியிருக்கிறேன். தாளின் ஓரத்தில் குறி விளக்கம் போட வேண்டும். அந்தப் புள்ளிக்கோட்டுக் கட்டத்தை என்னவென்று சொல்வது? எழுபது வயது சித்தியும் பத்து வயதுப் பையனும் படித்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும்.

பாலு எழுதியது:

மேடம், நாங்களும் போன வருஷம் செய்தோம். ஏ-நாலு தாளெல்லாம் சரிவராது, பத்துக்கு ஆறு அடியில் ஃபிளெக்ஸ் அடித்துவிடுங்கள். எங்கள் தாத்தா படத்தை நடுவில் பெரிதாக வைத்தோம், பிரமாதமாக இருந்தது. தலைமுறைகளுக்குப் பெயர் வேண்டுமென்றால் நான் தருகிறேன்: தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், பரை. பரன், பரை என்பதிலிருந்துதான் பரம்பரை என்ற சொல்லே வந்தது. ஏழு தலைமுறைக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது.

குமரவேல் எழுதியது:

பாலு, மீனாட்சி கேட்டது தலைமுறைப் பெயர் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பரம்பரை வடசொல். ஒன்றன்பின் ஒன்றாக என்பதுதான் அங்கே அதன் பொருள். பாட்டன், பூட்டன், ஓட்டன் எல்லாம் வழக்கில் உள்ளவை. அதற்கு மேலே வாட்சப்பில் சுற்றும் பட்டியலை மண்டபச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

மீனாட்சி, படத்தை மேலிருந்து கீழாக வரைகிறீர்களா, இடமிருந்து வலமாகவா? கடைசித் தலைமுறையில் எத்தனை பேர்? சொல்லைவிட இது முக்கியம்.

மீனாட்சி எழுதியது:

கடைசித் தலைமுறையில் 84 பேர். முதலில் மேலிருந்து கீழாகத்தான் வரைந்தேன். ஏ-பூச்சியம் தாளைப் படுக்கவைத்தாலும் அகலம் 1189 மில்லிமீட்டர்தான். 84 பேரைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஆளுக்கு 14 மில்லிமீட்டர்தான் வருகிறது. 14 புள்ளி எழுத்தில் பாலசுப்பிரமணியன் என்ற பெயருக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து செ.மீ. வேண்டும். அதனால் தாளை நிமிர்த்தி, இடமிருந்து வலமாக மாற்றினேன். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பத்தி. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. 84 பேரோடு, பிள்ளை இல்லாதவர்களும் மணமாகாதவர்களும் ஒன்பது வரி, புள்ளிக்கோட்டுக் கட்டங்கள் ஏழு, ஆக 100 வரி. ஓரம் போக 1100 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. வரிக்கு 11 மில்லிமீட்டர், கொம்பும் சுழியும் மேல் வரியில் இடிக்காமல் நிற்கிறது. பத்தி அகலம் 16 செ.மீ., கணவன் மனைவி பெயர் ஒரே வரியில் அடங்குகிறது.

அரங்கநாதன் எழுதியது:

அன்பர்களே, முதலில் 'மரம்' என்பதையே விட்டொழிக்க வேண்டும். அது மேலைநாட்டார் உருவகம். தமிழில் கொடிவழி என்றும் கால்வழி என்றும் அகராதியில் இருக்கிறது. கம்பன் குலமுறை கிளத்து படலம் என்றே ஒரு படலம் வைத்தான். கிளத்தல் என்றால் சொல்லுதல். கிளை என்பதும் கேள் என்பதும் கிளத்தல் என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. உறவினர் என்றால் நம்மைச் சொல்லிக் காட்டுகிறவர்! எனவே அந்தக் கட்டத்துக்குக் 'கிளத்துகட்டம்' என்று பெயரிடலாம். வேறிடத்தில் இருப்பவரைச் சொல்லிக் காட்டுகிற கட்டம்.

குமரவேல் எழுதியது:

ஐயா, கிளைக்கு மரக்கொம்பு, சுற்றத்தார் என்ற இரு பொருளும் உண்டு, அது சரி. கிளத்தலை அதனோடு முடிச்சுப் போடச் சான்று வேண்டும். மீனாட்சியின் சித்தி 'கிளத்துகட்டம்' என்று படித்துவிட்டு யாரிடம் போய்ப் பொருள் கேட்பார்?

கட்டம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜாதகத்தால் எல்லோருக்கும் பழகிய சொல். பெட்டியைவிட நன்று.

சிவகாமி எழுதியது:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். 'இரட்டைக்கட்டம்' எண்டு வைச்சால் என்ன?

மீனாட்சி எழுதியது:

அக்கா, நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். என் தம்பி பார்த்துவிட்டு 'யார் இரட்டைப் பிள்ளைகள்?' என்று கேட்டான். எங்கள் குடும்பத்தில் உண்மையிலேயே மூன்று ஜோடி இரட்டையர்கள் இருக்கிறார்கள். பிறகு 'மறுகட்டம்' என்று மாற்றினேன். அம்மா அதை மறுமணம் என்று எடுத்துக்கொண்டாள். ஏழு பேருக்கு இரண்டாம் தாரம் என்று சுவரில் எழுதி ஒட்டினால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'இணைக்கட்டம்' என்றால் கணவன் மனைவி. 'நிழற்கட்டம்' என்றால் காலமானவர். உறவுப் படத்தில் எந்தச் சொல்லை வைத்தாலும் அதற்கு ஏற்கெனவே ஓர் உறவுப் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இளங்கோ எழுதியது:

கட்டமே வேண்டாமே? கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நேராக ஒரு கோடு இழுத்துவிட்டால் சொல்லும் தேவையில்லை.

குமரவேல் எழுதியது:

ஒன்றிரண்டு என்றால் இழுக்கலாம். ஏழு கோடுகள் தாளின் மேலிருந்து கீழ்வரை மற்றவர்கள் கோடுகளை வெட்டிக்கொண்டு போனால், எது பெற்றோர் கோடு, எது திருமணக் கோடு என்று விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரு இடத்திலும் பிள்ளைகளை முழுதாக எழுதுவது இன்னொரு வழி. இடம்கூடப் போதும். ஆனால் அந்தப் பிள்ளைகள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். சாப்பாட்டுக் கணக்கே பிசகும். ஓரிடத்தில் குடும்பம், மற்றதில் குறிப்பு என்று மீனாட்சி செய்ததுதான் சரி.

அந்தக் குறிப்பில் 'அங்கே பாருங்கள்' என்று மட்டும் போட்டால் 100 வரியில் எங்கே என்று தேடுவார்கள். ஒவ்வொருவருக்கும் எண் கொடுங்கள். கொள்ளுத்தாத்தா 1. அவருடைய இரண்டாவது பிள்ளை 1.2. அந்தப் பிள்ளையின் நான்காவது பிள்ளை, ஒரு மகள், 1.2.4. அவளைக் கட்டியவர் அத்தை மகன் 1.5.1 என்றால், குடும்பத்தை 1.5.1-இல் எழுதிவிட்டு, 1.2.4-இன் கட்டத்தில் அவள் பெயரும் '→ 1.5.1' என்றும் போட்டால் போதும். பிள்ளைகளுக்கு 1.5.1.1, 1.5.1.2 என்று ஒரே எண்தான்.

இது புதிய சிக்கலும் இல்லை. சோழர் கொடிவழியை வரைந்தவர்கள் எல்லோரும் இங்கே முட்டியிருப்பார்கள். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், தன் மாமன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன் முதலாம் குலோத்துங்கன். அவனும் தன் மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். குலோத்துங்கனுக்கும் மதுராந்தகிக்கும் பிறந்த பிள்ளைகளின் முன்னோரை எழுதிப் பாருங்கள். பூட்டன் பூட்டிகளுக்கு எட்டு இடம். அதில் இரண்டு இடத்தில் முதலாம் இராசேந்திரன். அதற்கு மேல் பதினாறு இடம். அதில் மூன்று இடத்தில் முதலாம் இராசராசன்.

அரங்கநாதன் எழுதியது:

அருமை! அப்படியென்றால் நான் சொன்ன கொடிவழிதான் பொருத்தம். மரம் என்றே சொல்வதானால், ஆலமரமாவது விழுது இறக்கி மறுபடி வேர் பிடிக்கும். 'விழுதுகட்டம்' என்பேன்.

சிவகாமி எழுதியது:

ஐயா, விழுதெண்டால் பிள்ளையளைத்தான் நினைப்பினம்.

எனக்கு வேறொண்டு கேக்கோணும். மீனாட்சி, ஏழு குடும்பத்தையும் எந்தப் பக்கத்தில முழுசா எழுதினீங்கள்? கணவன் பக்கத்திலயோ? அப்பிடியெண்டால் உங்கட பெண்மக்களின்ர கிளையெல்லாம் புள்ளிக்கோட்டில முடிஞ்சுபோகும். பாக்கிறவைக்கு அவைக்குப் பிள்ளையள் இல்லை எண்டு படும். குமரவேல் ஐயா சொன்ன உதாரணத்திலயும் 1.2.4 எண்ட பெட்டைதான் அம்புக்குறியாப் போனவ.

மீனாட்சி எழுதியது:

ஏழும் கணவன் பக்கம்தான், அக்கா. யோசிக்காமல் பழக்கத்தில் செய்துவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் மூத்த பெரியம்மாவின் கிளை பாதிக்குப் பாதி வெறும் அம்புக்குறி.

குமரவேல் எழுதியது:

சிவகாமி சொன்னது நியாயம். அங்கே ஒரு தளவமைப்பு விதியும் உதவும்: எந்தக் கிளையில் வரிகள் குறைவோ அங்கே குடும்பத்தை முழுதாக எழுதுங்கள். தாளும் சமனாகும். அதோடு புள்ளிக்கோட்டுக் கட்டத்தில் 'மக்கள் 3' என்று எண்ணிக்கையையும் சேர்த்தால் பிள்ளை இல்லாதவர் என்ற குழப்பம் வராது.

அக்கா மகளைக் கட்டிய இரண்டு இடங்களில் மட்டும் கவனம். தாய்மாமன் 1.6, அவர் கட்டியது 1.1.1 என்று வைத்துக்கொள்வோம். மாமன் பக்கம் எழுதினால் பிள்ளைகள் மூன்றாம் பத்தியில் வருவார்கள்; அக்கா மகள் பக்கம் எழுதினால் நான்காம் பத்தியில். எதுவும் தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்கள் வயதொத்தவர்களோடு ஒரே பத்தியில் நிற்கிறார்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இளங்கோ எழுதியது:

சொல்லுக்கு வருவோம், நாளை வெள்ளி. 'சுட்டுக்கட்டம்'? அ, இ, உ போல இன்னொன்றைச் சுட்டுகிறது. கணினியிலும் இந்தப் பொருளில் பழகியிருக்கிறது.

மீனாட்சி எழுதியது:

சுவரில் பெரிய எழுத்தில் 'சுட்டு' என்று போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கேட்டபோதே 'நெருப்பு மாதிரி இருக்கிறது' என்றார்கள்.

குமரவேல் எழுதியது:

அப்படியானால் 'மீள்கட்டம்'. மீண்டும் வருகிறது என்பது தெரிகிறது, உறவுப் பொருள் எதுவும் ஒட்டவில்லை. குறி விளக்கத்தில் அதற்குப் பக்கத்தில் 'இவர் குடும்பம் இந்த எண்ணில்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சிவகாமி எழுதியது:

சரி. அந்த வரியே போதும் எண்டுதான் எனக்குப் படுது, ஆனாலும் எதிர்ப்பில்லை.

பாலு எழுதியது:

மீள்கட்டம் ஓகே. ஃபிளெக்ஸ் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நல்ல கடை தெரியும்.

அரங்கநாதன் எழுதியது:

மீள் என்பது வினைத்தொகையாக நிற்கும்போது 'மீளும் கட்டம்' என்று விரியும். கட்டம் எங்கிருந்து மீள்கிறது? சிறையிலிருந்தா? மறுபடி வருவது ஆள்தானே ஒழியக் கட்டம் இல்லை. பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மீள்கட்டம் என்றே போடுகிறேன், அம்புக்குறி எண்ணோடும் மக்கள் எண்ணிக்கையோடும். ஏழில் நான்கு குடும்பங்களைப் பெண்கள் பக்கம் மாற்றிவிட்டேன். தாய்மாமன் திருமணம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் முடிவு வரவில்லை: மூத்த பிள்ளை வயதுக்கு மூன்றாம் பத்தியில் பொருந்துகிறார், கடைசிப் பிள்ளை நான்காம் பத்தியில்தான் பொருந்துகிறார். இன்றிரவுக்குள் யாராவது வழி சொன்னால் நல்லது.