வெயிலில் வேலை: கனிம சன்ஸ்கிரீனா, ரசாயன சன்ஸ்கிரீனா?

வணக்கம். நில அளவைப் பணிக்காகக் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை வெட்டவெளியில் நிற்பவன் என்ற முறையில் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

இதுவரை பூசிவந்த, அவோபென்சோன் கலந்த ரசாயன வகை முகத்தில் தடம் தெரியாமல் படிகிறது; 50 கிராம் டியூப் 400 ரூபாய்தான். ஆனால் நண்பகலுக்குள் நெற்றி வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிவதால், கருவியில் கண் வைத்துக் குறி பார்க்க முடிவதில்லை. கழுத்திலும் அரிப்புடன் சிவந்த தடிப்பு வந்தது.

துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ள கனிம வகைக்கு மாறியதும் இரண்டும் நின்றன. எனினும் விலை 700 ரூபாய். என் மாநிற முகத்தில் திருநீறு அப்பியதுபோல் வெளுப்பாகவும் தெரிகிறது. கூச்சப்பட்டு மெலிதாகத் தடவினால், எஸ்.பி.எஃப். 50 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த அளவு பாதுகாப்பு கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சரியாகப் பூசினால், ஒரு டியூப் இரண்டு வாரம்கூட வருவதில்லை.

இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள கனிம வகை வெளுப்பை மறைக்கும் என்கிறார்கள். வியர்வையிலும் புழுதியிலும் அது நிற்கிறதா? நெற்றிக்கும் கழுத்துக்கும் மட்டும் கனிம வகை, கன்னத்துக்கு ரசாயன வகை என்று பிரித்துப் பூசிச் செலவைக் குறைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.