பொருள்: பின்னோக்கிச் செல்வது வழுவா, பெறுதியா?

கோப்பாய், இளைப்பாறிய கணித ஆசிரியர்

அன்புடையீர், உயர்தர மாணவர்களுக்காக நாம் எழுதிவரும் நரம்பு வலையமைப்புப் பாடத்தில் "பாக்புரொப்பகேசன்" என்ற ஒலிபெயர்ப்பு இன்னமும் அப்படியே கிடக்கிறது. அதற்கு "வழுப் பின்செலுத்துகை" என்ற சொல்லை முன்மொழிகிறேன். கிடைத்த விடைக்கும் வேண்டிய விடைக்கும் இடையிலான வழு, கடைசிப் படையிலிருந்து முதற்படை வரை திருப்பி அனுப்பப்படுகிறது என்பதே என் விளக்கம். 1986 இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகியோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பும் வழுக்களையே குறிப்பிடுகிறது.

திருநெல்வேலி, கணினி விஞ்ஞான விரிவுரையாளர்

சேர், தலைப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆயினும் வகையீடு தெரிந்த மாணவர் இந்தச் சொல்லை நம்பிக் கணக்கைத் தொடங்கினால் இரண்டாம் அடியிலேயே இடறுவார். இரண்டு நிறைகள் மட்டும் கொண்ட ஒரு வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். x உள்ளீடு, w1, w2 நிறைகள், y கிடைத்த விடை, t வேண்டிய விடை; y எவ்வளவு பிழைத்தது என்பதை L அளக்கிறது.

```
a = w1*x    h = a^2    y = w2*h    L = (y - t)^2 / 2
x = 2   w1 = 1.5   w2 = 0.5   t = 2.5
```

முன்னோக்கிக் கணித்தால் a = 3, h = 9, y = 4.5, L = 2 என வரும். இப்போது y சார்பாக L இன் பெறுதி y − t, அதாவது 2. வழுவும் பெறுதியும் இந்த ஓரிடத்தில் ஒரே எண்ணாக இருப்பது, L ஐ நாம் அவ்வாறு தெரிவு செய்தமையால்தான். h சிறிது கூடினால் y அதன் 0.5 மடங்கு கூடும். ஆகவே h இன் பெறுதி 2 × 0.5 = 1. a இற்கு வரும்போது 2a = 6 ஆல் பெருக்க 6 கிடைக்கிறது. w1 இற்கு x ஆல் பெருக்க 12; w2 இற்கு 2 × 9 = 18. ஒவ்வொரு படையும் தனக்குப் பின்னாலிருந்து வந்த எண்ணைத் தன் சொந்தப் பெறுதியால் பெருக்கி முன்னுள்ள படையிடம் கொடுக்கிறது. முழுச் செயலும் சங்கிலி விதிதான்.

அந்த 6 என்பது a இன் வழு அன்று, ஏனெனில் a இற்கு இதுதான் சரியான விடை என்று எவரும் தந்ததில்லை. a மாறும்போது L எந்த வீதத்தில் மாறும் என்பதையே அது சொல்கிறது. ஆகவே "பெறுதிப் பின்செலுத்துகை" என்பதை நான் விரும்புகிறேன்.

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர்

விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிச் செல்வதாயின் "நேர்மாறு இயக்கம்" என்பது எளிய சொல்லாக இருக்குமே?

திருநெல்வேலி, விரிவுரையாளர்

இங்கே எதுவும் நேர்மாறாக்கப்படுவதில்லை. h = 9 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு a என்பது 3 ஆ, −3 ஆ என்று எவராலும் கூற முடியாது; ஆனால் 2a என்னும் பெறுதிக்கு அந்தக் குறி வேண்டும். அதனால்தான் முன்னோக்கிச் சென்றபோது கிடைத்த a, h ஆகிய பெறுமானங்களைச் சேமித்து வைக்கிறோம். பெரிய வலையமைப்புகளைப் பயிற்றும்போது நினைவகம் நிரம்புவதற்கு இச்சேமிப்பு ஒரு முக்கிய காரணம்.

சுன்னாகம், மாணவி

சேர், இதே கணக்கை நான் நிரலாக எழுதியபோது w1 இற்கு 12 வரவில்லை, 7.68 வந்தது. கற்றல் வீதம் 0.01. கொப்பியில் இரண்டு தடவை செய்து பார்த்தும் 12 தான் வருகிறது. வழு திரும்பிச் செல்லும் வழியில் குறைந்துவிடுகிறதா?

திருநெல்வேலி, விரிவுரையாளர்

தங்கச்சி, உங்கள் கொப்பி சரி. w2 இன் பெறுதி கிடைத்தவுடனேயே அதை 0.5 − 0.01 × 18 = 0.32 என்று மாற்றிவிட்டு, பின்னர் அந்தப் புதிய w2 ஐக் கொண்டு h இன் பெறுதியைக் கண்டிருக்கிறீர்கள்: 2 × 0.32 × 6 × 2 = 7.68. பெறுதிகள் யாவும் முன்னோக்கிக் கணித்த அதே புள்ளியில் எடுக்கப்பட வேண்டும். எல்லாம் கிடைத்த பின்னரே நிறைகளை மாற்ற வேண்டும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது, L கூடக் குறையக்கூடும், ஆகவே இத்தவறு நெடுநாள் மறைந்திருக்கும். w1 ஐ 1.501, 1.499 என்று வைத்து L ஐ இரு தடவை கணியுங்கள். 2.012022, 1.988022 என வரும், வித்தியாசத்தை 0.002 ஆல் வகுத்தால் 12.

கோப்பாய், ஆசிரியர்

"வழு" என்ற சொல்லை மீளப் பெறுகிறேன். பிள்ளையின் கேள்வியே அதன் ஆபத்தைக் காட்டிவிட்டது. ஆனால் நாம் பெறுதி என்பதைத் தமிழ்நாட்டு மாணவர் வகைக்கெழு என்றே படிக்கிறார். இரு கரைக்கும் பொதுவாகப் "பின்செலுத்துகை" என்று மட்டும் வைத்தால் போதாதா?

திருநெல்வேலி, விரிவுரையாளர்

எதைச் செலுத்துகிறோம் என்பதைச் சொல்லாத சொல்லில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. தலைப்பில் குறுஞ்சொல்லும் முதற்பந்தியில் முழுச்சொல்லும் இருக்கலாமா என்பதை ஏனையோரும் கூற வேண்டும்.