13 லாட் போட்டா வாய்ப்பு கூடுமா? ஐபிஓ ஒதுக்கீடு பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க அனுபவம்

திருப்பூர் பனியன்:
ஏனுங்க, ஒரு ஐபிஓ விலை 285–300, ஒரு லாட்டுக்கு 50 பங்கு. சில்லறைப் பிரிவுக்கு 16 மடங்கு விண்ணப்பம்னு காட்டுது. 13 லாட், அதாவது 1,95,000 ரூபாய்க்குப் போட்டா ஒரு லாட்டாவது நிச்சயம் விழுமில்லீங்களா?

காந்திபுரம் டீமேட்:
விழாதுங்க. 2 லட்சம் வரைக்கும் போடுற சில்லறைக்காரங்களுக்கு லாட் கணக்குல பிரிச்சுத் தர்றதில்லை, ஆள் கணக்குலதான். சில்லறைக்கு 10 லட்சம் பங்குன்னு வெச்சுக்கங்க. அது 20,000 லாட். போட்டவங்க 1,60,000 பேர், ஆளுக்குச் சராசரியா 2 லாட். கேட்டது மொத்தம் 3,20,000 லாட், அதனால திரையில 16 மடங்குன்னு வருது. ஆனா குலுக்கல் 1,60,000 பேருக்கு நடுவுல. ஒருத்தருக்கு ஒரு லாட்டுக்கு மேல கிடையாது. அப்போ எட்டுல ஒருத்தருக்கு விழும். நீங்க 15,000 போட்டாலும் 1,95,000 போட்டாலும் அதே எட்டுல ஒண்ணுதான், மிச்ச 1,80,000 சும்மா முடங்கும். அதனால மடங்கைப் பாக்காம, எத்தனை விண்ணப்பம் வந்திருக்குங்கிற எண்ணிக்கையைத் தேடிப் பாருங்க.

ஈரோடு மஞ்சள்மண்டி:
அதுக்குத்தான் வீட்டுல நாலு பேர் பேர்லயும் ஒவ்வொரு லாட் போடோணும். நாலு பேர்த்துக்கும் என் யூபிஐ ஒண்ணுலயே போட்டுடுவேன், வேலை சுலபம்.

காந்திபுரம் டீமேட்:
முதல் பாதி சரிங்க. நாலு தனித்தனி பான் இருந்தா, இதே கணக்குல யாராவது ஒருத்தருக்காவது விழ 41 சதவீதம் வாய்ப்பு. பின்பாதிதான் தப்பு. விண்ணப்பிக்கிறவர் பேர்ல இருக்கிற வங்கிக் கணக்குல இருந்துதான் பணம் முடங்கோணும். அடுத்தவர் கணக்குன்னா குலுக்கலுக்கு முன்னாடியே தள்ளிடுவாங்க. ஒரே பானுக்கு ரெண்டு தடவை போட்டாலும் அதே கதிதான். இன்னொண்ணு, பணத்தை முடக்கச் சம்மதம் கேட்டு யூபிஐ-ல வர்ற மேண்டேட்டைக் கடைசி நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள ஒப்புக்கோணும். ‘விண்ணப்பம் ஏத்துக்கப்பட்டது’ன்னு செயலியில வந்ததைப் பாத்துட்டு மேண்டேட்டை மறந்துடுறவங்க நிறைய. வங்கியில பணம் முடங்கியிருக்கான்னு பாத்தாத்தான் உறுதி.

பல்லடம் தறி:
நான் 285 போட்டேனுங்க, குறைஞ்ச விலைக்கே கிடைக்கட்டும்னு. பணம் முழுசாத் திரும்பிடுச்சு. குலுக்கல்ல விழலைன்னு நினைச்சுட்டேன்.

காந்திபுரம் டீமேட்:
நீங்க குலுக்கலுக்கே போயிருக்க மாட்டீங்க. நிறையப் பேர் கேக்குற ஐபிஓ-ல முடிவு விலை பெரும்பாலும் மேல்விலையிலதான் நிக்கும். அது 300-ன்னா 285 கேட்டவர் விண்ணப்பம் விலையிலேயே விழுந்துடும். சில்லறைக்காரருக்கு, முடிவாகிற விலை எதுவானாலும் சம்மதம்னு சொல்ற ‘கட்-ஆஃப்’னு ஒரு கட்டம் இருக்கு, அதை டிக் பண்ணுங்க. பணம் 300 கணக்குல முடங்கும். முடிவு விலை கம்மியா வந்தா அந்த விலைதான் எடுப்பாங்க.

கோபி வாழைத்தோப்பு:
எங்க பக்கம் ஒருத்தர் சின்னக் கம்பெனிங்களோட எஸ்எம்இ ஐபிஓ நல்லா ஓடுதுங்கிறார். அதுலயும் 15,000 போட்டாப் போதுங்களா?

காந்திபுரம் டீமேட்:
போதாதுங்க. அதுல குறைஞ்ச விண்ணப்பமே இப்போ 2 லட்சத்துக்கு மேல. இங்க பேசுறது பெரிய கம்பெனிங்க வர்ற மெயின்போர்டு மட்டும்.

சேலம் கணக்கர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. போட்ட ஆளுங்க லாட் எண்ணிக்கையை விடக் கம்மியா இருந்தா எல்லாத்துக்கும் ஒரு லாட் உறுதி, மிச்சம் அதிகம் கேட்டவங்களுக்குப் போகும். ஆக 13 லாட்டும் கேட்டபடியே கிடைக்குதுன்னா மத்தவங்க யாரும் வேண்டாம்னு விட்ட சரக்குன்னு அர்த்தம். எல்லாரும் துரத்துற ஐபிஓ-ல ஒரு லாட்டுக்கே திண்டாட்டம், யாரும் சீண்டாததுல 13-உம் வரும். லாபத்தையும் நட்டத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா இதுதான் சிறு விண்ணப்பதாரரைக் கடிக்குது.

பேர் பெருசா இருக்கிறதும் காப்பாத்தாதுங்க. 2022 மே மாசம் எல்ஐசி வெளியீட்டு விலை 949, சில்லறைக்கு 45 தள்ளுபடி போக 904. பிஎஸ்இ-ல 867.20-க்குத் தொடங்குச்சு. 15 பங்கு லாட்டுக்கு முதல் விலையிலேயே 552 ரூபாய் நட்டம். அது முழுக்க அரசாங்கம் தன் பங்கை வித்தது, கம்பெனிக்குள்ள ஒரு ரூபா போகலை. அதனால போடுறதுக்கு முன்னாடி, பணம் கம்பெனிக்குப் போகுதா, வித்துட்டு வெளிய போறவர் பைக்குப் போகுதான்னு நான் மொதல்ல பாப்பேன்.

ஈரோடு மஞ்சள்மண்டி:
கிரே மார்க்கெட் பிரீமியம் பாத்தாப் போதாதுங்களா?

சேலம் கணக்கர்:
அது பட்டியலாகுறதுக்கு முன்னாடியே வெளியீட்டு விலைக்கு மேல எவ்வளவு தரலாம்னு வெளியில பேசிக்கிறது, எந்தச் சந்தையும் பதிவு பண்ணாத வாய்ப்பேச்சு விலைங்க. அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிப் போடாதீங்க.

காந்திபுரம் டீமேட்:
அதை நான் அப்படி ஒதுக்க மாட்டேன், ஆளுங்க எவ்வளவு ஆவலா இருக்காங்கன்னு காட்டும். ஆனா பட்டியலிடுற நாள் காலையில வரைக்கும் மாறும். புதன்கிழமை ஐபிஓ மூடினா, இடையில விடுமுறை இல்லாதப்போ, வியாழன் ஒதுக்கீடு, வெள்ளி டீமேட்ல பங்கு, விழாதவங்களுக்குப் பணம் விடுவிப்பு, திங்கள் பட்டியல். அன்னிக்கு 9 மணிக்கே ஆர்டர் வாங்குவாங்க, எல்லாத்தையும் சேத்து ஒரே தொடக்க விலை வரும், 10 மணிக்குச் சாதாரண வர்த்தகம். முதல் விலையிலேயே விக்கோணும்னா 9:30-க்குள்ள ஆர்டர் போட்டுடுங்க.

திருப்பூர் பனியன்:
சரிங்க, ஒரு லாட்தான் போடுறேன், சம்சாரம் பேர்ல அவங்க கணக்குல இருந்து இன்னொண்ணு. விழுந்தா அன்னிக்கே விக்கலாங்களா, வெச்சிருக்கலாங்களா?

சேலம் கணக்கர்:
ஐபிஓ திறக்கிறதுக்கு முன்னாடியே வாங்குற பெரிய நிறுவனங்கதான் ஆங்கர் முதலீட்டாளர்; அவங்க பங்குல பாதியை 30 நாள், மீதியை 90 நாள் விக்க முடியாதபடி பூட்டு. அந்தப் பூட்டு திறக்கிறப்போ விலை இறங்கினா வாங்கிக்கலாம்னு நான் முதல் நாளே வித்துடுவேன்.

காந்திபுரம் டீமேட்:
கம்பெனியைப் படிச்சுப் போட்டிருந்தா எதுக்குங்க விக்கோணும்? இதுல நானும் கணக்கரும் ஒத்துப்போனதே இல்லை.