சமையலறைக் காப்பீடு: உணவகம் நடத்துபவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். திருச்சியில் நாற்பது இருக்கைகள் கொண்ட அசைவ உணவகம் நடத்துகிறோம். 19 கிலோ சிலிண்டர்கள், நாள் முழுக்கக் கொதிக்கும் எண்ணெய்க் கடாய். சிறு தொழில்களுக்கான தீ பாலிசியான பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா எடுக்கவிருக்கிறோம். சிலிண்டர் வெடிப்பு அதில் அடக்கம். ஆனால், சூடாக்கும்போது தீப்பிடிக்கும் பொருளுக்கே இழப்பீடு கிடையாது என்கிறது நிபந்தனை. எண்ணெய் போனால் போகட்டும். அந்தத் தீ புகைப்போக்கியில் படிந்த பிசுக்கில் பற்றிக் கூரைவரை போனால்? அப்படி இழப்பீடு பெற்றவர்கள் இருக்கிறீர்களா? சர்வேயர் என்னென்ன கேட்டார்?

அடுத்தது ஃப்ரீசர். சனிக்கிழமை இரவு அதில் நாற்பது கிலோ கோழியும் மீனும் இருக்கும். வெறும் மின்வெட்டில் கெட்டுப்போனால் தீ பாலிசி கைகொடுக்காது. கையிருப்பு கெடுவதற்கென்று தனிக் காப்பீடு வேண்டும். சிறிய கடைக்கு அதை யாராவது தருகிறார்களா? வெப்பநிலைப் பதிவேடு கட்டாயமா?

வாடிக்கையாளர் மீது கொதிக்கும் ரசம் கொட்டினால் அதற்குப் பொறுப்புக் காப்பீடு தனி. முகவர் ஐந்து லட்சம் போதும் என்கிறார். தீக்காயச் சிகிச்சைச் செலவை நினைத்தால் எனக்கு அது போதாது என்றே தோன்றுகிறது. நீங்கள் எவ்வளவுக்கு எடுத்திருக்கிறீர்கள்? உணவு நச்சும் அதில் சேர்ந்திருக்கிறதா?