புது ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது: உங்கள் வீட்டில் எப்படி?

வேலூர் அம்மு

சத்துவாச்சாரியில் இருக்கிறோம். போன வாரம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும்போது, பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டு இரண்டு கதவு வைத்த புதுசு வாங்கினோம். சமையலறையில் கடப்பைக்கல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு. பழையது நின்ற அதே இடத்தில் நிறுத்தி, சாயங்காலம் 4 மணிக்கு ஸ்விட்சைப் போட்டோம்.

ராத்திரி 9 மணி இருக்கும். மாமியார் அலமாரியில் டப்பா எடுக்கும்போது ஃபிரிட்ஜின் பக்கத்தில் கை பட்டு, "ஏம்மா, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது" என்று கூப்பிட்டார். தொட்டுப் பார்த்தேன், உண்மைதான். கதவைத் திறந்தால், ரப்பர் வந்து ஒட்டும் அந்த முன் விளிம்பும் சூடு. ஃப்ரீசரைச் சுற்றி இன்னும் அதிகம். ஒயர் எதுவும் எரிகிறதோ என்று பயந்து ஆஃப் செய்துவிட்டோம். காலையில் பார்த்தால் ஒரு லிட்டர் பாலும் திரிந்து போயிருந்தது.

பழைய ஃபிரிட்ஜுக்கு முதுகில் கருப்புக் கம்பி வலை இருக்கும், அதுதான் சுடும். பக்கம் எப்போதும் சில்லென்றுதான் இருந்தது. இதற்கு முதுகில் வலையே இல்லை. கடையில் கேட்டால் "புதுசுன்னா அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். புதுசு வாங்கியவர்கள் உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள்.

ஆற்காடு ரமணி

எங்கள் வீட்டிலும் முன் விளிம்பு சூடாகத்தான் இருக்கும். அதற்குள் ஹீட்டர் கம்பி இருக்கிறது. கதவு ஓரத்தில் தண்ணீர் கோர்க்காமல் இருக்க வைத்தது. கரண்ட் இழுக்கும், அதனால் வெயில் காலத்தில் அதை மட்டும் நிறுத்தி வைக்க ஒரு ஸ்விட்ச் இருக்கும், தேடிப் பாருங்கள்.

காட்பாடி மெக்கானிக்

அம்மு சகோதரி, ஆஃப் செய்யாதீங்க. நான் 22 வருடமாக ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன். கோடையில் எனக்கு வரும் போன்களில் பாதி இதே கேள்விதான்.

உங்கள் பழைய ஃபிரிட்ஜின் முதுகில் இருந்த அந்த வலை இப்போதும் இருக்கிறது. இடம்தான் மாறிவிட்டது. இரண்டு பக்கத் தகட்டின் உட்புறத்தில் அதே குழாயை வளைத்து வளைத்து ஒட்டி, மேலே ஃபோம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பால், குழம்பு, காய்கறியிலிருந்து எடுத்த சூடும், கம்ப்ரசர் ஓடும் சூடும் சேர்ந்து அந்தத் தகடு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சூடு தானாக வெளியேற வேண்டும் என்றால் அறையை விடக் குழாய் சூடாக இருந்தே ஆக வேண்டும். நம் ஊரில் மே மாதம் சமையலறையே 38 டிகிரி. அதற்கு மேல் பத்து பன்னிரண்டு டிகிரி சேர்த்தால் 50 ஆகிறது. தொட்டவுடன் சுரீரென்று தெரியும், ஆனால் கையை வைத்திருக்க முடியும். இரண்டு விநாடி கூட வைக்க முடியவில்லை என்றால் மட்டும் என்னைப் போன்றவனைக் கூப்பிடுங்கள்.

முதல் நாள் எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுடும். காலிப் பெட்டியே வெயிலில் வந்த சூட்டோடு இருக்கும். அந்தப் பெட்டி, தட்டு, நீங்கள் வைத்த சாமான் எல்லாம் குளிரும் வரை கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஒரு முழு நாள் கூட ஆகலாம். நீங்கள் நடுவில் நிறுத்தியதால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம், அவ்வளவுதான். நிறுத்தினால் ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் போட வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

ரமணி அக்கா சொன்ன காரணம் சரி, கம்பி விஷயம்தான் வேறு. நம் வீடுகளில் இருக்கும் ஒரு கதவு, இரண்டு கதவு மாடல்களில் பெரும்பாலும் அது ஹீட்டர் இல்லை. அதே சூடான கேஸ் குழாயைக் கதவு வாசலைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டியிருப்பார்கள். தனியாகக் கரண்ட் இழுக்காது, அணைக்க ஸ்விட்சும் இருக்காது. நடுவில் இரண்டாகத் திறக்கும் பெரிய மாடல்களில் நடுப் பட்டையில் ஹீட்டர் வருவது உண்டு.

இப்போது எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். பக்கத்தில் எவ்வளவு இடைவெளி? ஒரு டம்ளர் தண்ணீரை நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டர் போட்டால் என்ன காட்டுகிறது?

ராணிப்பேட்டை டீச்சர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பக்கத்தில் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்று இழுக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் தெரிவதில்லை. இதுவும் அந்தக் குழாய் சூடுதானா?

காட்பாடி மெக்கானிக்

டீச்சர், அது சூடு இல்லை, ஷாக். இதோடு சேர்க்காதீர்கள். இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் சொருகியிருந்தால் முதலில் அதை எடுங்கள். அது சரியாகும் வரை குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

குடியாத்தம் தறிக்காரன்

அந்தக் குழாய் பக்கத் தகட்டில்தான் இருக்கிறது என்பதை நாங்கள் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். வாங்கி எட்டு மாதம்தான். என் தம்பி, கைத்துண்டு மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று ஃபிரிட்ஜின் பக்கத்தில் டிரில் போட்டான். "உஸ்ஸ்" என்று ஒரு நிமிடம் சத்தம் வந்து அடங்கியது. வாசனை எதுவும் இல்லை. அப்புறம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது, பக்கம் இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே ஒன்றும் குளிரவில்லை.

நாமே ஓட்டை போட்டதால் வாரண்டி கிடையாது என்றார்கள். ஃபோமுக்குள் இருக்கும் குழாயைப் பிரித்து வெல்டு வைக்க முடியாதாம். வந்த மெக்கானிக் அதை அப்படியே துண்டித்துவிட்டு, பழைய காலத்து மாதிரி முதுகில் ஒரு கருப்பு வலை மாட்டி, புது கேஸ் ஏற்றிக் கொடுத்தார். நன்றாகத்தான் குளிர்ந்தது. ஆனால் கார்த்திகை மழையில் ஒரு புதுத் தொல்லை. ஃப்ரீசர் கதவு ஓரம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் நின்று, வழிந்து தரையில் சொட்டியது. தினம் இரண்டு வேளை துணியால் துடைத்தோம். முன் விளிம்பில் ஓடிய சுற்றையும் சேர்த்துத் துண்டித்திருக்கிறார், அதனால் விளிம்பு சூடாவதே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அம்மு அக்கா, உங்கள் விளிம்பு சூடாக இருப்பது நல்லதுக்குத்தான்.

காட்பாடி மெக்கானிக்

தம்பி, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் R600a என்ற கேஸ். அளவு ஐம்பது கிராம் அளவில்தான், ஆனால் தீப்பிடிக்கும். அப்படிச் சத்தம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். காந்தம் ஒட்டுங்கள், ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஆணியோ ஸ்குரூவோ மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் நடந்ததை எல்லாரும் கவனியுங்கள். கம்ப்ரசர் ஓடுகிறது, பக்கம் ஜில்லென்று இருக்கிறது, உள்ளே குளிர் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். பக்கம் சுடுகிறது, உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்றால் ஃபிரிட்ஜ் தன் வேலையைச் செய்கிறது. கேஸ் குறையும்போது இன்னொரு மாதிரியும் காட்டும். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் மட்டும் சுடும், மீதி ஆறிக் கிடக்கும். ஒரு கதவு மாடலாக இருந்தால் ஃப்ரீசர் பெட்டியில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடிக்கும்.

வேலூர் அம்மு

அண்ணா, அளந்து பார்த்துவிட்டேன். இடுக்கில் ஒரு பக்கம் ஒரு விரல் கூட நுழையவில்லை, மறு பக்கம் இரண்டு விரல். பழையது உடம்பில் சின்னது என்பதே எனக்குத் தோன்றவில்லை. இதில் மாமியார் தைத்த துணி உறை வேறு போட்டிருந்தோம், இரண்டு பக்கமும் பை தொங்கும் மாதிரி.

என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்திலிருந்து துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர் கொண்டு வந்தார். மதியம் 2 மணிக்கு சமையலறை 38, இடது பக்கம் மேலே 54, முன் விளிம்பு 43. டம்ளர் தண்ணீர் காலையில் 9 டிகிரி.

காட்பாடி மெக்கானிக்

பளபளப்பான தகட்டில் அந்தத் துப்பாக்கி தப்பாகக் காட்டும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதைக் குறி பார்த்து அளக்கச் சொல்லுங்கள். ஆனால் 9 டிகிரி எனக்குப் பிடிக்கவில்லை, 4 அல்லது 5 இருக்க வேண்டும். சூடு வெளியேற வழி இல்லாததால் கம்ப்ரசர் திணறுகிறது. கூட வந்த புத்தகத்தில் எவ்வளவு இடைவெளி என்று போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்துக்குக் குறைந்தது நாலு விரல் விடுங்கள். துணி உறையை எடுத்துவிடுங்கள். அம்மா தைத்தது என்று தெரிகிறது, மேலே மட்டும் மடித்துப் போட்டால் போதும்.

ஆம்பூர் அப்துல்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மாடலில் இடது பக்கம்தான் சூடு, வலது பக்கம் லேசாகத்தான் இருக்கிறது. கம்ப்ரசர் நிற்பதே இல்லை. உள்ளே குளிர் நன்றாகவே இருக்கிறது. இது சரியா அண்ணா?

காட்பாடி மெக்கானிக்

அப்துல் பாய், இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாக, வெகுநேரம் ஓடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சில மாடல்களில் ஒரு பக்கம் குழாய் அதிகமாக ஓடும், சிலதில் இரண்டு பக்கமும் சமமாக ஓடும். உங்களுடையது எது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, நடுவில் மாறியதா என்பதைப் பாருங்கள். மாறியிருந்தால் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

வேலூர் அம்மு

நேற்று அலமாரிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி, ஹால் வாசல் ஓரத்தில் வைத்துவிட்டோம். இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர் இருக்கிறது. டேப் ஒட்டி அளந்தோம். மதியம் அதே நேரம், அறை 37, பக்கம் 47, முன் விளிம்பு 41. இன்று காலை டம்ளர் தண்ணீர் 5 டிகிரி. கம்ப்ரசர் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது, அந்தச் சத்தத்தை மாமியார்தான் முதலில் கவனித்தார். இப்போது அவர் சாதம் வடிக்கும்போது போகிற வருகிற வழியில் ஒரு தடவை பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

ஆற்காடு ரமணி

நானும் இன்று தேடிப் பார்த்தேன், ஸ்விட்ச் எதுவும் இல்லை. எங்களுடையது சுவரை ஒட்டியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பையன் வந்ததும் நகர்த்திவிட்டு, டம்ளர் தண்ணீர் எவ்வளவு என்று இங்கே எழுதுகிறேன்.