உயரப் புள்ளி வரைபடம்: எண்கள் 15தான், இடைநிலைக்கு மட்டும் மூன்று விடை. எங்கே தவறுகிறார்கள்?

நித்யா_கணக்கு
ஏழாம் வகுப்புக்குச் சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் பிள்ளைகளின் உயரத்தை வைத்தே நடத்துகிறேன். முழு சென்டிமீட்டரில் அளந்ததில் வந்த எண்கள்:

138, 140, 141, 141, 141, 143, 143, 144, 145, 145, 147, 148, 150, 152, 157

ஐந்து குழுக்களுக்கும் 135 முதல் 160 வரை எண்கோடு போட்ட தாள் கொடுத்தேன். ஒட்டிய புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன், எல்லாம் உரிய இடத்தில்தான் இருக்கின்றன. படம் சரி, விடைகள்தான் சிதறிக் கிடக்கின்றன. இடைநிலை 144, 145, 147.5 என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. சராசரி சிலருக்கு 145, சிலருக்கு 145.9. முகடு என்று கேட்டால் 141, 3, 157. சரியான விடையைச் சொல்லித் திருத்தச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அடுத்த கணக்கில் மறுபடி இதே கதைதான். எங்கே புரியாமல் போகிறது?

ரவி_டியூஷன்
இடைநிலைக்குச் சூத்திரத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள் டீச்சர். `(n + 1) / 2`. n என்பது 15, அப்படியானால் 8. படத்தைப் பார்த்து ஊகிக்க விடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

சதுரத்தாள்
ரவி சார், 8 என்பது எத்தனையாவது புள்ளி என்பதுதான், உயரம் அல்ல. சூத்திரத்தை முதலில் கொடுத்தால் "இடைநிலை 8" என்று எழுதும் பிள்ளைகள் வருவார்கள். வகுப்பில் 8 சென்டிமீட்டர் உயரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்ட பிறகுதான் சிரிப்பார்கள்.

நித்யா மேடம், உங்கள் பிள்ளைகள் கணக்குப் போடத் தெரியாமல் தவறவில்லை. ஒவ்வொரு தவறான விடையும் எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்கலாம்.

147.5 சொன்னவர்கள் புள்ளிகளை எண்ணவே இல்லை, கோட்டின் நடுவைப் பார்த்திருக்கிறார்கள். 135க்கும் 160க்கும் நடு 147.5. போதாக்குறைக்கு 138க்கும் 157க்கும் நடுவும் அதே 147.5. இரண்டில் எதைச் செய்தார்கள் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

145 சொன்னவர்கள் திரும்ப வரும் எண்களை நீக்கிவிட்டார்கள். 141 மூன்று முறை வந்தாலும் "141 ஒன்றுதானே" என்ற எண்ணம். அப்படி நீக்கினால் 11 எண்கள் மிஞ்சும், ஆறாவது 145. சராசரியில் 145.9 வந்ததும் இதே கோளாறுதான்: அந்த 11 எண்களின் கூட்டுத்தொகை 1605, 11ஆல் வகுத்தால் 145.909. இரண்டு விடையும் ஒரே குழுவின் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும் என்றே நினைக்கிறேன்.

முகடு 3 என்றவர்கள் அடுக்கில் எத்தனை புள்ளி என்று சொல்கிறார்கள், அந்த அடுக்கு எந்த உயரத்தின் மேல் நிற்கிறது என்று கீழே பார்க்கவில்லை. 157 என்றவர்கள் "அதிகம்" என்றதும் அதிக உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக இத்தனை விடைக்கும் அடியில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். கோட்டில் உள்ள எண் உயரம், மேலே உள்ள புள்ளி ஒரு பிள்ளை. இந்த இரண்டும் அவர்கள் மனதில் பிரியவில்லை.

நித்யா_கணக்கு
பார்த்தேன் சார். 145.9 எழுதிய குழுதான் இடைநிலை 145 என்றும் எழுதியிருக்கிறது. 147.5 குழு கோட்டுத் தாளை இரண்டாக மடித்துப் பார்த்திருக்கிறார்கள், மடிப்புக் கோடே தெரிகிறது! சரி, இதைப் பிரித்துக் காட்ட வகுப்பில் என்ன செய்வது?

சதுரத்தாள்
மடித்தவர்களைத் திட்டாதீர்கள், யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். மடிக்க வேண்டியது தாளை அல்ல, வரிசையை என்று காட்டினால் போதும்.

எந்தக் கணக்குக்கும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். படத்தில் எத்தனை பிள்ளைகள்? 141 உயரம் உள்ளவர்கள் எத்தனை பேர்? 146க்கு மேல் ஏன் காலியாக இருக்கிறது? மூன்றாவது கேள்வி முக்கியம். தாங்களே கோடு போடச் சொன்னால் பிள்ளைகள் 139, 142, 146 போன்ற ஆளில்லாத எண்களை விட்டுவிட்டு எழுதுவார்கள். அப்புறம் 152க்கும் 157க்கும் இடையே உள்ள வெற்றிடம் படத்தில் தெரியாது, சராசரி பேச வரும்போது அது தேவைப்படும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாளில் 2 செ.மீ. இடம் விட்டால் 135 முதல் 160 வரை 50 செ.மீ. பெரிய சார்ட் தாளில் அடங்கிவிடும். வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில், ஒன்றின் மேல் ஒன்று தொட்டபடி இருக்கட்டும். ஒரு குழு பெரிய பொட்டும் இன்னொரு குழு சின்னப் பொட்டும் ஒட்டினால் இரண்டு புள்ளி அடுக்கு மூன்று புள்ளி அடுக்கை விட உயரமாகத் தெரியும்.

இடைநிலைக்குச் சூத்திரம் வேண்டாம், பென்சில் போதும். இடக்கோடியில் ஒரு புள்ளியை அடி, உடனே வலக்கோடியில் ஒன்றை அடி. முதல் சோடி 138, 157. அடுத்தது 140, 152. அதற்கடுத்து 141இல் ஒன்று, 150. இங்கேதான் நின்று கவனியுங்கள். 141 அடுக்கை மொத்தமாக ஒரே கோடாக அடிக்கும் கை உங்கள் 145.9 குழுவின் கைதான். "அங்கே மூன்று பேர், ஒருத்தரைத்தான் அனுப்பினோம்" என்று அந்த நொடியில் சொன்னால் மனதில் நிற்கும். இரண்டு பக்கமும் ஏழு ஏழு போனபின் ஒரே ஒரு புள்ளி மிஞ்சும், அதன் கீழே 144. அதற்கப்புறம் ரவி சாரின் சூத்திரத்தைக் கொடுங்கள், எட்டாவது புள்ளி எது என்று அவர்களே காட்டுவார்கள்.

ரவி_டியூஷன்
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 40 பேர் வகுப்பில் அடித்துக்கொண்டே போக நேரம் இருக்காது. எண்ணிக்கை இரட்டைப்படையானால் கடைசியில் இரண்டு மிஞ்சுமே, அப்போது?

சதுரத்தாள்
40க்குச் சூத்திரம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் முதல் நாள் 15.

இரட்டைப்படைக்கு 161 செ.மீ. உயரத்தில் பதினாறாவது பிள்ளை ஒன்று சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், கோட்டை 165 வரை நீட்டிவிடுங்கள். அடித்துக்கொண்டே வந்தால் 144, 145 இரண்டும் மிஞ்சும், இடைநிலை 144.5. "அந்த உயரத்தில் யாருமே இல்லையே" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மில்லிமீட்டர்
எனக்கு வேறு பிரச்சினை. நான் மில்லிமீட்டர் வரை அளக்க வைத்தேன், 143.2, 144.7 என்று. 28 பேருக்கும் 28 வேறு உயரம். ஒரு புள்ளியின் மேல் இன்னொரு புள்ளி ஏறவே இல்லை, முகடே கிடையாது. 5 செ.மீ. இடைவெளியாகத் தொகுத்துவிட்டால் அழகாக முகடு வருகிறது. நித்யா மேடமும் அப்படிச் செய்யலாமே?

சதுரத்தாள்
மேடமுக்கு முகடு கிடைக்கவில்லை என்பது பிரச்சினையே இல்லை, 141 தெளிவாக நிற்கிறது. தொகுத்தால் என்ன ஆகும் என்று அவருடைய எண்களிலேயே பாருங்கள். 135–139, 140–144, 145–149 என்று பிரித்தால் 140–144இல் ஏழு பேர், அதுதான் பெரிய கூட்டம். அதே எண்களை 138–142, 143–147 என்று 138இலிருந்து பிரித்துப் பாருங்கள். முதலாவதில் ஐந்து, இரண்டாவதில் ஆறு. பெரிய கூட்டம் 143–147க்கு நகர்ந்துவிட்டது, 141 அதற்குள்ளேயே இல்லை. பிள்ளைகள் யாரும் வளரவில்லை, கோடு போட்ட இடம்தான் மாறியது.

உங்கள் வகுப்புக்கு முழு சென்டிமீட்டராக்கினால் அடுக்குகள் வரும். 144.5 வந்தால் மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்று அளப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளி முகட்டை மாற்றிவிடுவார்கள்.

காற்புள்ளி
இந்த வயதில் உயரத்தை வைத்து முகடு நடத்துவதே எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு 141 தவறாக அளக்கப்பட்டு ஒரு சென்டிமீட்டர் மாறினால் முகடு வேறெங்கோ ஓடிவிடும். பிடித்த நிறம், வீட்டில் எத்தனை பேர் மாதிரி கேட்டால் முகட்டுக்கு அர்த்தம் இருக்கும். உயரத்தைச் சராசரிக்கும் இடைநிலைக்கும் மட்டும் வையுங்கள். இன்னொன்று, புள்ளியில் பெயர் எழுத விடாதீர்கள். 138உம் 157உம் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும், இடைவேளையில் கேலிதான்.

சதுரத்தாள்
பெயர் விஷயம் முழுக்கச் சரி. முகட்டில் எனக்கு உடன்பாடில்லை. ஓடும் என்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே பாடம் என்பது என் கட்சி.

நித்யா_கணக்கு
பெயர் எழுதவில்லை, சீட்டில் எண் மட்டும் எழுதிப் பெட்டியில் போட வைத்தேன். சராசரியைப் புள்ளி வரைபடத்தில் எப்படிக் காட்டுவது? கூட்டி வகுப்பது தெரிகிறது, ஆனால் படத்தில் 145 எங்கே "தெரிகிறது" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சதுரத்தாள்
145இல் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கோட்டுக்கு வர எத்தனை கட்டம் தாண்ட வேண்டும் என்று மேலே எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் 7, 5, 4, 4, 4, 2, 2, 1. கூட்டினால் 29. வலப்பக்கம் 2, 3, 5, 7, 12. அதுவும் 29. 145இலேயே இருக்கும் இருவர் தாண்ட வேண்டியதில்லை. இடப்பக்கம் எட்டுப் பேர், வலப்பக்கம் ஐந்தே பேர், ஆனாலும் தாண்டும் தூரம் சமம். இடைநிலை ஆட்களைச் சமமாகப் பிரிக்கிறது, சராசரி தூரத்தைச் சமமாக்குகிறது என்பதைப் படமே காட்டிவிடும்.

அடுத்து 145.9 குழுவிடம் அவர்களுடைய 146 பக்கத்தில் கோடு போட்டு இதையே செய்யச் சொல்லுங்கள். இடம் 39, வலம் 24 என்று வரும். தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

அதன்பின் 157ஐ எடுத்து 172இல் ஒட்டுங்கள், கணக்கிடும் முன் எது நகரும் என்று கேளுங்கள். கூடிய 15 செ.மீ. 15 பேருக்கும் பிரிந்து சராசரி 146 ஆகும். இடைநிலை 144, முகடு 141 அப்படியே நிற்கும்.

ரவி_டியூஷன்
அப்படியானால் 157ஐ விட்டுவிட்டுச் சராசரி எடுப்பதுதானே நியாயம்?

சதுரத்தாள்
157 தவறான அளவு என்று தெரிந்தால் மட்டும். காலணியைக் கழற்றினார்களா, குதிகால் சுவரைத் தொட்டதா, தலைமேல் வைத்த அட்டை சுவருக்குச் செங்குத்தாக இருந்ததா என்று பார்த்து மறுபடி அளக்கலாம். உண்மையிலேயே 157 என்றால் அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து எப்படி நீக்குவீர்கள்?

நித்யா_கணக்கு
நாளைக்கு அடிக்கும் ஆட்டம், அப்புறம் 29–29. முகட்டுக்கு உயரத்தையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். காற்புள்ளி மேடம், அதற்கும் எண்கோடு 1இலிருந்தா, 0இலிருந்தா?

காற்புள்ளி
1 போதும். கேட்கிற பிள்ளையே வீட்டில் ஒரு ஆள்தானே. ஆனால் தன்னைச் சேர்த்து எண்ணுவதா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும்.