திங்கட்கிழமை காலை ஆறு மணி: மூணு ஷிப்ட் சார்ட் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சூலூர் கதிர்

போன மாதம் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்களுடையது சின்ன மெஷின் ஷாப். 18 பேர், மூணு டீம், டீமுக்கு ஆறு பேர். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட். வாரம் ஒருமுறை சுழற்சி: காலை பார்த்தவர் அடுத்த வாரம் மதியம், மதியம் பார்த்தவர் இரவு, இரவு பார்த்தவர் காலை. ஞாயிறு முழுக்க லீவ். சார்ட் போட்டது நான்தான். எல்லோருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கள் காலை ஆறே முக்காலுக்கு லேத் பக்கம் போனேன். ஆபரேட்டர் ஒருவர் கையில் வெர்னியரைப் பிடித்தபடி நிற்கிறார். அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன். கண் மூடியிருக்கிறது. நின்றுகொண்டே தூங்குகிறார், இரண்டடி தள்ளி சக் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்பி, "நேத்து லீவுதானே, ரெஸ்ட் எடுக்கலையா?" என்றேன். "ஞாயிறு காலைல ஆறு மணிக்குத்தான் சார் நைட் முடிச்சு வீட்டுக்குப் போனேன். தூங்கி எந்திரிச்சா சாயங்காலம். ராத்திரி தூக்கம் வரல. நாலரைக்குக் கிளம்பிட்டேன்" என்றார்.

சனி இரவு ஷிப்ட் ஞாயிறு காலையில்தான் முடிகிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சார்ட்டில் "ஞாயிறு லீவ்" என்ற கட்டத்தைப் பார்த்தேனே தவிர, அவருக்கு அது எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இதை எப்படி மாற்றினீர்கள்?

மனிதவளம் மாலதி

தம்பி, நீங்கள் சுழற்சியைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் யூனிட்டிலும் ஒரு காலத்தில் இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றினோம், ஆட்கள் சோர்ந்து போனார்கள். முன்னோக்கி மாற்றியதும் புகார் குறைந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் சிலது சொல்லியே ஆக வேண்டும். நம் உடம்புக்குத் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்கூட்டித் தூங்குவது கஷ்டம். அதனால் காலை, மதியம், இரவு என்று போவதுதான் எப்போதும் சரி. இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் வெயில் முகத்தில் படாமல் போக வேண்டும், வீட்டில் படுக்கும் அறைக்கு கெட்டித் திரை போட வேண்டும், காலை நாலு மணிக்கு மேல் டீ குடிக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். பகலில் மிக்சி சத்தம், டிவி சத்தம் எல்லாம் இருந்தால் எந்தச் சார்ட் போட்டும் பயனில்லை. வேண்டுமானால் ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்து, நான் வந்துகூடப் பேசுகிறேன்.

டைம் ஆபீஸ் பெரியவர்

மாலதி அம்மா, தம்பி எழுதியதை மறுபடி படியுங்கள். அவர் முன்னோக்கித்தான் சுற்றியிருக்கிறார். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஸ்பின்னிங் மில் டைம் ஆபீசில் முப்பது வருஷம் சார்ட் எழுதியவன் நான். மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்போம். தொடக்கத்தில் இதே தவறை நானும் செய்தேன். முழு நைட் முடித்த ஒருவர் ஞாயிறு மத்தியானம் சொந்தத் தங்கை நிச்சயத்தில் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார் என்று அவர் மனைவி என்னிடம் வந்து சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அழுதார். அன்று ராத்திரி உட்கார்ந்து மணிக் கணக்கு போட்டேன்.

கதிர் தம்பி சார்ட்டில், காலையிலிருந்து மதியத்துக்கு மாறுகிறவர் சனி 2 மணிக்குப் போய் திங்கள் 2 மணிக்கு வருகிறார்: 48 மணி நேரம். மதியத்திலிருந்து இரவுக்கு மாறுகிறவருக்கும் சனி இரவு 10 முதல் திங்கள் இரவு 10 வரை 48. இரவிலிருந்து காலைக்கு மாறுகிறவருக்கு ஞாயிறு 6 முதல் திங்கள் 6 வரை 24தான். மூன்றையும் கூட்டினால் 120. பின்னோக்கிச் சுற்றினால் 56, 32, 32, அதுவும் 120தான். ஆக, ஞாயிறு மூடுகிற ஆலையில் எந்தப் பக்கம் சுற்றினாலும் மொத்த ஓய்வு மாறாது. குறைந்த ஓய்வு யார் தலையில் விழுகிறது என்பதுதான் மாறும். முன்னோக்கிச் சுற்றும்போது அது ஆறு ராத்திரி விழித்தவர் தலையில் விழுகிறது.

சட்டப்படி இதில் குறையில்லை. நடுநிசியைத் தாண்டும் ஷிப்டுக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் விட்டால் அது முழு நாள் விடுமுறை என்று சட்டம் சொல்கிறது. இன்ஸ்பெக்டர் கேட்க மாட்டார். உடம்புதான் கேட்கும்.

நான் செய்தது ஒன்றே ஒன்று: இரவு ஷிப்டின் வாரத்தைத் திங்கள் இரவில் தொடங்காமல் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கினேன். ஆறு இரவு முடிந்து சனி காலை 6க்கு வெளியே போகிறார். திங்கள் காலை 6க்கு வருகிறார். இடையில் 48 மணி நேரம், இரண்டு ராத்திரி வீட்டில் படுக்கை. ஆலை சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை மூடியிருக்கும், உற்பத்தியும் அதே 18 ஷிப்ட். அந்த 24 மணி நேரம் இப்போது மதியத்திலிருந்து இரவுக்குப் போகிறவருக்கு வரும். ஆனால் அவர் சனி ராத்திரி வழக்கம்போலத் தூங்கியிருப்பார், ஞாயிறு மத்தியானமும் கண்ணயரலாம். அவரால் தாங்க முடியும்.

நாலாவது டீம்

நான் ஆபரேட்டர். எங்களுக்கு ஞாயிறு மூடல் கிடையாது. நாலு டீம், இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு, இரண்டு லீவ். எட்டு நாளில் ஒரு சுற்று. சராசரியாக வாரத்துக்கு 42 மணி நேரம்தான் வேலை. கேட்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனால் வாரத்துக்கு ஏழு நாள், சுற்றுக்கு எட்டு நாள். அதனால் ஒவ்வொரு வாரமும் என் லீவ் ஒரு நாள் தள்ளிப்போகும். தொடர்ந்து இரண்டு ஞாயிறு லீவ் வரும், அப்புறம் ஆறு ஞாயிறு வேலை. காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். என் மகள் அந்த வட்டத்தைப் பார்த்து, "அப்பா இந்த மாசம் ஒரு ரவுண்டுகூட இல்லையே" என்றாள். ஓய்வு கிடைக்கிறது. ஆனால் என் ஓய்வு நாளில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. சார்ட் போடுகிறவர்கள் இதையும் பாருங்கள் சார்.

ஓசூர் ஃபர்னஸ்

பெரியவர் சொன்ன வழி ஞாயிறு மூட முடிகிறவர்களுக்குச் சரி. என்னுடையது ஹீட் ட்ரீட்மென்ட். இரண்டு கார்புரைசிங் ஃபர்னஸ், தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல். ஓட்டம் ஆரம்பித்தால் ஞாயிறு என்று நிறுத்த முடியாது, குளிரவிட்டுத் திரும்பச் சூடேற்றினால் நேரமும் போகும், கரண்டும் போகும்.

கணக்கு எளிது. ஒரு ஃபர்னஸுக்கு வாரம் 21 ஷிப்ட், இரண்டுக்கு 42. ஒருவர் ஆறு ஷிப்ட்தான் பார்க்கலாம். 42ஐ ஆறால் வகுத்தால் 7. ஆறு பேரை வைத்து ஓட்டினால் யாருக்கும் லீவே இருக்காது, ஏழாவது ஆள் வந்தால் எல்லோருக்கும் வாரம் ஒரு நாள். அந்த ஏழாவது ஆள் மாத்து ஆள். திங்கள், செவ்வாய் காலை ஷிப்ட்காரர்களுக்கும், புதன், வியாழன் மதியக்காரர்களுக்கும், வெள்ளி, சனி இரவுக்காரர்களுக்கும் பதிலாக நிற்பார். ஞாயிறு அவருக்கு லீவ். ஒருவருக்கு ஒரு நாள் என்று அழகாக உட்கார்ந்தது.

நியாயமாக இருக்கட்டும் என்று ஏழு பேரையும் சுற்றினேன்: இரண்டு வாரம் காலை, இரண்டு வாரம் மதியம், இரண்டு வாரம் இரவு, ஒரு வாரம் மாத்து. ஏழாவது வாரம் தொடங்குகிற திங்கள் காலை, இரவு முடித்த பையன் டிபன் கேரியரோடு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். "சார், சார்ட்ல அடுத்த ஷிப்ட்லயும் என் பேர்தான் இருக்கு" என்றான். ஓடிப் போய்ப் பார்த்தேன். அவனுடைய இரவு வாரம் திங்கள் காலை 6க்கு முடிகிறது, மாத்து வாரம் அதே திங்கள் காலை 6க்குத் தொடங்குகிறது. வேறு ஆள் கிடைக்கவில்லை. அவன் 16 மணி நேரம் ஃபர்னஸ் முன்னால் நின்றான். அந்த முகம் எனக்கு மறக்காது.

ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. தப்பு இருந்தது இரண்டு வாரம் ஒட்டுகிற இடத்தில். இப்போது எந்தச் சார்ட் போட்டாலும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஞாயிறு ஷிப்ட் முடிந்து போகும் மணியையும் திங்கள் முதலில் வரும் மணியையும் எழுதிப் பார்க்கிறேன்.

கடைசியில் மாத்து ஆளைச் சுற்றாமல் நிரந்தரமாக்கினேன். அனுபவமுள்ள ஒருவர் தனிப் படி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். மற்ற ஆறு பேர் மட்டும் சுற்றுகிறார்கள். இரவு முடித்துக் காலைக்கு மாறுகிறவருக்கு முந்தின சனி லீவ், ஞாயிறு ஒரே ஓர் இரவு, திங்கள் மறுபடி லீவ். மற்ற வாரங்களில் லீவ் ஒரு நாள் தள்ளிப் போவதால் தொடர்ந்து ஏழு நாள் வேலை வருகிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த பத்து நாள் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஏழு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அப்புறம், யாராவது திடீரென்று லீவ் போட்டால் மாத்து ஆள் அங்கே போய்விடுகிறார், அன்றைக்கு லீவ் எடுக்க வேண்டியவர் வேலைக்கு வருகிறார். இதற்கு எட்டாவது ஆள்தான் வழி. எட்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க என் ஆர்டர் போதவில்லை.

ராஜா ஃபேப்ரிகேஷன்

எதுக்கு இவ்வளவு குழப்பம்? இரண்டு டீம், 12 மணி நேரம், ஞாயிறு லீவ். ஆட்களே ஓவர்டைம் கிடைக்குதேன்னு கேட்டு வாங்குகிறார்கள்.

டைம் ஆபீஸ் பெரியவர்

ராஜா தம்பி, ஆறு நாள் 12 மணி நேரம் என்றால் வாரம் 72. சட்டம் சொல்வது 48, அதற்கு மேல் இரட்டைச் சம்பளம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கேட்டு வாங்குகிறார்கள் என்பது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் காசு இல்லாமல்தான் கேட்கிறார்கள். ஓய்வு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓசூர் தம்பி, வாரங்கள் ஒட்டுகிற இடத்தில் பாருங்கள் என்றீர்களே, அதை முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சூலூர் கதிர்

பெரியவர் சொன்னபடி ஞாயிறு இரவு 10 மணித் தொடக்கத்தை டீம்களிடம் வைத்தேன். லேத்தில் தூங்கியவர் சார்ட்டை விரலால் தொட்டு, சனி காலையிலிருந்து திங்கள் காலை வரை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். "ரெண்டு ராத்திரி வீட்ல" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆனால் மதியம் முடித்து இரவுக்குப் போகும் டீம் தயங்குகிறது. ஞாயிறு சாயங்காலம் உறவுக்காரர்கள் வரும் நேரம், ஒன்பது மணிக்கே கிளம்ப வேண்டும், எங்கள் பக்கம் ஞாயிறு ராத்திரி பஸ்ஸும் குறைவு. ஒரு வேன் ஏற்பாடு செய்ய முடியுமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு மட்டும் 11 மணிக்குத் தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அப்படி யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?